தக்காளிக்குக் ‘கனி’ பொருந்துமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

மலர்விழி எழுதியது:
அன்புடையீர், எட்டாம் வகுப்புக்கான தாவரவியல் கையேட்டை மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். “தக்காளி தாவரவியலில் கனி, சமையலில் காய்கறி” என்று எழுதியாயிற்று. கீழே பச்சைத் தக்காளியின் குறுக்குவெட்டுப் படம். அதற்கும் ‘கனி’ என்றே தலைப்பு. “இது காய்தானே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழுத்ததையும் பழுக்காததையும் ஒருங்கே குறிக்கும் சொல் உண்டா?

சுந்தரம் எழுதியது:
இதில் குழப்பமே இல்லை அம்மா. உள்ளே விதை இருந்தால் கனி, இல்லாவிட்டால் காய்கறி. வள்ளுவரே “கனியிருப்பக் காய்கவர்ந் தற்று” என்று பிரித்துக்காட்டிவிட்டார்.

நாச்சியார் எழுதியது:
ஐயா, வள்ளுவர் பிரித்தது பருவத்தை. மலர்விழியின் சிக்கலும் அதுதான். விதையும் அளவுகோல் ஆகாது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் விதையற்ற தக்காளியும் கனியே. எந்த உறுப்பிலிருந்து உருவானது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அல்லி உதிர்ந்ததும் புல்லிவட்டத்தின் நடுவே பச்சைப் பொட்டாக நிற்பது சூற்பை. அது பருக்கும்போது அதன் சுவர் தோலும் சதையுமாகிறது. உள்ளிருக்கும் சூல்கள் விதையாகின்றன. ஆகவே பிஞ்சு, காய், பழம் மூன்றும் தாவரவியலுக்கு ஒரே உறுப்பு. காய்கறி என்ற பிரிவோ அங்கே இல்லவே இல்லை. கேரட் வேர், உருளைக்கிழங்கு தண்டு, கீரை இலை. அடுப்படிதான் இவற்றை ஒரே கூடையில் போட்டது.

பெரியதம்பி எழுதியது:
‘காய்ப்பு’ என்போம். மரம் காய்த்தது என்றால் சூற்பை பருத்தது என்றே பொருள். பழுத்ததா இல்லையா என்பது பிறகு. இன்னொன்று. அகநானூற்றில் யவனர் “பொன்னொடு வந்து கறியொடு” பெயர்ந்தனர். அங்கே கறி மிளகு. எனவே காய்கறி என்பது காயும் மிளகும் சேர்ந்த தொடர் என்பது என் துணிபு.

ரெஜினா எழுதியது:
மிளகை விடுங்கள். சமைப்பவள் சொல்கிறேன்: 100 கிராம் ஆப்பிளில் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம், தக்காளியில் 3 கிராம்கூட வராது. தக்காளி தருவது புளிப்பும் குளுட்டமேட்டின் சுவையும். அந்தச் சுவை சதையைவிட விதையைச் சுற்றிய வழவழப்பில்தான் அதிகம். அதை வழித்தெறிந்தால் சமைத்தது சப்பென்றாகிவிடும். உப்போடு சேருமா, இனிப்போடு சேருமா என்றுதான் நாங்கள் பிரிக்கிறோம். கையேட்டில் விதையை நீக்கச் சொல்லவில்லையே?

சுந்தரம் எழுதியது:
காய்ப்பு என்றால் உள்ளங்கையில் இருப்பது! சதைக்கனி, உலர்கனி என்று பாடநூல்களில் ஊன்றிவிட்டவற்றை என்ன செய்வது? சதைக்காய்ப்பா?

பெரியதம்பி எழுதியது:
புழக்கம்தான் நியாயம் என்றால் ‘ஃப்ரூட்’ என்றே அச்சிடுங்களேன்.

மலர்விழி எழுதியது:
சண்டை வேண்டாம், எனக்கு நேரமும் இல்லை. ‘கனி’யே இருக்கட்டும். “பூவின் சூற்பை பருத்து உருவாவது, பிஞ்சும் காயும் இதில் அடங்கும்” என்று முதலிடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். ரெஜினா அக்கா, இது சமையல் நூல் அல்ல.

பெரியதம்பி எழுதியது:
நான் உடன்படவில்லை. நெல்மணியும் தாவரவியலில் கனிதான். அதைக் கனி என்றால் எந்தப் பிள்ளை ஏற்கும்?

சுந்தரம் எழுதியது:
நெல் காய்க்குமா ஐயா, விளையுமா?