ராத்திரி போர்டில் 'ட்' புள்ளி தெரிகிறதா, இல்லையா?

கடைவீதி:
புது எல்இடி போர்டு மாட்டியாச்சு. 'பட்டு ஜவுளி மாளிகை' என்று 18 அங்குல அக்ரிலிக் எழுத்து, அதற்குப் பின்னால் கிரீம் கலர் ஏசிபி அலுமினிய ஷீட். எழுத்துக்கு முன்பக்கமும் வெளிச்சம், பின்பக்கமும் வெளிச்சம். பகலில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் பளிச்சென்று படிக்க முடிகிறது, தூரம் 150 அடி இருக்கும். ராத்திரி அதே இடத்தில் 'ட்' மேல் புள்ளியே காணோம், 'ளி' ஒரே வெள்ளைத் திட்டு. போர்டு போட்டவரோ "வாட் கூடினால்தான் தூரத்துக்குத் தெரியும், இன்னும் எல்இடி மாட்யூல் சேர்க்கலாம்" என்கிறார். மீதிப் பணம் கொடுக்கலாமா? போட்டோ போட்டிருக்கிறேன்.

தூரிகை:
இன்னும் மாட்யூலா! அந்த "வாட் கூடினால்" வசனத்தைக் கேட்டாலே எரிச்சலாக வருகிறது. தூரத்துக்கு ஒளி தெரியும் சார், எழுத்து தெரியாது. உங்களுக்கு வேண்டியது எது? மீதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். முதலில் பின்பக்க வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு அதே பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள்.

போர்டு மாஸ்டர்:
இந்த லைனில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்டோவை வைத்துத் தீர்ப்பு சொல்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. செல்போன் கேமரா ராத்திரியில் எல்லா போர்டையும் இப்படித்தான் காட்டும். தெரு இருட்டாக இருப்பதால் அது வெளிச்சத்தை ஏற்றி எடுக்கிறது, எழுத்து வெந்துபோகிறது. நேரில் புள்ளி தெரியும். தெரிந்தே ஆகும்.

கடைவீதி:
போட்டோ அப்புறம் எடுத்ததுதான் அண்ணே. கண்ணால் பார்த்துதான் எழுதினேன்.

போர்டு மாஸ்டர்:
எங்கே நின்று பார்த்தீர்கள்? கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? கண்ணாடியைத் துடைத்தீர்களா? புள்ளி தெரியும்.

லைட்கடை:
6500 கெல்வின் போட்டிருப்பார்கள். அதுதான் கண்ணைக் குத்துகிறது. 4000க்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் கடையில் வாங்குபவர்கள் பாதிப் பேர் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

தூரிகை:
குத்தல் கொஞ்சம் குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்து எப்படிப் பிரியும்? அதே பிரகாசத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மாஸ்டர் கேமராவைப் பற்றிச் சொன்னது பாதி சரி. அதனால் இப்படி எடுத்துப் பாருங்கள். திரையில் எழுத்தின் மேல் விரலை வைத்து, பிரகாசத்தைக் கீழே இழுத்து, எழுத்து வெந்துபோகாத அளவுக்குக் கொண்டுவந்து எடுங்கள். இப்போது 'ட்' புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் ஷீட்டைப் பாருங்கள். அது இருட்டாக இருந்தால் முந்தைய போட்டோ பொய். அதுவும் எழுத்து மாதிரியே ஒளிர்ந்தால் குற்றம் போர்டில்.

கடைவீதி:
எடுத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் இருக்கிற ஷீட் எழுத்தைவிடக் கொஞ்சம்தான் மங்கல்.

போர்டு மாஸ்டர்:
அதுதான் ஹாலோ எஃபெக்ட்! அதற்குத்தானே கஸ்டமர் கூடுதல் காசு கொடுக்கிறார். நகைக்கடைகளுக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் போடுகிறோம். புள்ளி இல்லை என்று எந்த நகைக்கடைக்காரரும் சண்டைக்கு வந்ததில்லை.

தூரிகை:
நகைக்கடையில் எதன் மேல் போடுகிறீர்கள்? கறுப்பு, காப்பி, அடர் நீலம். அதுவும் பெரும்பாலும் எழுத்தின் முகம் ஸ்டீலாக இருக்கும், ஒளி பின்னாலிருந்து மட்டும் வரும். இருண்ட எழுத்து, சுற்றிலும் ஒளி என்று கண் பிரித்துக்கொள்கிறது. இங்கே எழுத்தும் வெள்ளை, பின்னால் விழும் ஒளியும் வெள்ளை, விழும் இடம் கிரீம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எத்தனை அங்குலம் விட்டிருக்கிறார்கள்?

கடைவீதி:
ஏணி வைத்து அளந்தேன். ஒன்றரை அங்குலம். புள்ளிக்கும் எழுத்துக்கும் அதைவிடக் குறைவு. ஷீட்டிலிருந்து எழுத்து ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்கிறது.

தூரிகை:
அப்புறம் என்ன! ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்கும் எழுத்தின் ஒளி பக்கத்தில் அவ்வளவு தூரமாவது சிந்தும். இரண்டு பக்கத்து எழுத்தும் சிந்துகிற ஒளி நடு இடைவெளியில் சேர்ந்து விழுகிறது. பிரிப்பதற்கு விட்ட இடமே வெள்ளையாகிவிட்டது.

இன்னொன்று, போர்டு போட்டவர் ஏணியில் நின்று பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லியிருப்பார். பக்கத்தில் நன்றாகத்தான் இருக்கும். கண்ணுக்குள்ளேயும் ஒளி கொஞ்சம் சிதறுகிறது. நாம் தள்ளிப் போகப் போக எழுத்தின் இடைவெளி சின்னதாகிக்கொண்டே போகும். கண்ணில் சிதறும் கசிவு அந்த அளவுக்குச் சின்னதாகாது. ஒரு தூரத்தில் கசிவு இடைவெளியை முழுங்கிவிடும். வயதானவர்களுக்கு, புரை விழ ஆரம்பித்தவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். பட்டு எடுக்க வீட்டுப் பெரியவர்கள்தானே முதலில் இறங்குகிறார்கள்?

போர்டு மாஸ்டர்:
இப்போது கண் டாக்டரும் ஆகிவிட்டார். போன மாசம் ஃப்ளெக்ஸ் பற்றிப் பேசியபோதும் இதே ஆள்தான் "கையால் எழுதிய போர்டு போல வருமா" என்று ஒப்பாரி வைத்தார். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் போய்விட்டது ஐயா. பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் "பட்டு" என்று படிப்பானா, "படடு" என்று படிப்பானா? புள்ளி தெரியும், தெரியாவிட்டாலும் படிப்பான்.

தூரிகை:
"புள்ளி தெரியும்" என்பது இப்போது "தெரியாவிட்டாலும் படிப்பான்" ஆகிவிட்டதே. குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டு மாஸ்டர்:
குறித்துக்கொள்ள இது பத்திரப்பதிவு ஆபீஸா? தெரியும் என்றால் தெரியும்.

மாடிவீடு:
இந்த மாதிரி போர்டுகளைத் தடை செய்ய வேண்டும். என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கடையின் பச்சை வெளிச்சம், ராத்திரி 12 மணி வரைக்கும். குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது. கனமான திரை போட்டாகிவிட்டது, அப்போதும் மேல் சந்து வழியாக வருகிறது. யாரிடம் மனு கொடுப்பது?

லைட்கடை:
சார், இங்கே எழுத்து ஒட்டுவது பற்றிப் பேசுகிறோம்.

மாடிவீடு:
எனக்கும் எழுத்து தெரியவில்லை. அது என்ன கடை என்றே இதுவரைக்கும் தெரியாது.

தூரிகை:
மாடிவீட்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்துக் கடை வெளிச்சம், தெருவிளக்கு எல்லாம் இருக்கும்போது ஒரு போர்டு அளவாகத் தெரியும். பத்து மணிக்குச் சுற்றுக் கடைகள் மூடியதும் அதே போர்டு, அதே வாட், கண்ணைக் கூசும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியோடு பைக்கில் வருபவனுக்கு ரோடே தெரியாது. அதனால்தான் டிம்மர் வேண்டும் என்கிறேன். கரண்டை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மாட்யூலுக்கும் நடுவில், 12 வோல்ட் பக்கம் போட வேண்டும். கரண்ட் பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி மாட்டினால் எஸ்எம்பிஎஸ் திக்கும், சீக்கிரம் போய்விடும். டிம்மரைப் பாதிக்குக் குறைத்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று திட்டாதீர்கள். ஒளி பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. இன்னும் நன்றாகக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும்.

போர்டு மாஸ்டர்:
டிம்மர் போட்ட போர்டை வீடியோ எடுத்துப் பாருங்கள், கோடு கோடாக ஓடும். கல்யாண வீடியோக்காரன் கடை வாசலில் எடுத்தால் அசிங்கம். நான் எவனுக்கும் டிம்மர் போட்டதில்லை.

லைட்கடை:
மட்டமான டிம்மரில்தான் அப்படி ஓடும் மாஸ்டர். நல்லதிலே அவ்வளவாக வராது.

போர்டு மாஸ்டர்:
உன் கடையில் விற்கிறாய், சொல்லத்தான் செய்வாய்.

லைட்கடை:
நீங்கள் போன தீபாவளிக்கு எடுத்த இரண்டு எஸ்எம்பிஎஸ் பாக்கி இன்னும் நோட்டில் இருக்கிறது. அதைப் பற்றியும் இங்கேயே பேசலாமா?

போர்டு மாஸ்டர்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதில் ஒன்று ஒரே மாதத்தில் செத்தது.

கடைவீதி:
அண்ணே, நான் சொல்வதைக் கேளுங்கள். எலெக்ட்ரீசியனை வைத்துப் பின்பக்க வயரை மட்டும் கழற்றிவிட்டேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து 'மாளிகை' இப்போது தனித்தனி எழுத்தாக வருகிறது. 'ளி' மேல் வளைவு தெரிகிறது. ஆனால் 'ட்' புள்ளி மட்டும் இன்னும் எழுத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது.

தூரிகை:
அந்தப் புள்ளிக்குள் எத்தனை மாட்யூல்?

கடைவீதி:
மூன்று அங்குல வட்டம். திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு.

தூரிகை:
மூன்று அங்குல டப்பிக்குள் இரண்டா! எழுத்தின் கோட்டில் மாட்யூலுக்கு மாட்யூல் இடம் விட்டு ஒட்டுகிறார்கள், ஒளி பரவுகிறது. புள்ளிக்குள் அதே மாட்யூல் நெருக்கமாக அடைந்தால் அந்தச் சின்ன முகம் மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொதிக்கும். கொதிக்கிற புள்ளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், கீழே எழுத்தோடு சேரும். ஒன்றைக் கழற்றுங்கள். அப்போதும் தூக்கலாக இருந்தால் அக்ரிலிக்கின் உள்பக்கம் வெள்ளை டிரான்ஸ்லூசன்ட் வினைல் ஒரு அடுக்கு ஒட்டினால் அடங்கும். மிச்சக் குறைக்குப் புள்ளியை ஓர் அங்குலம் மேலே ஏற்றி மாட்ட வேண்டும். கையால் எழுதின காலத்திலேயே ராத்திரி விளக்கு வைக்கிற போர்டுக்குப் புள்ளியைச் சற்று விலக்கி, கோட்டை ஒரு நூல் மெலிதாகப் போடுவோம். இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிற தடித்த எழுத்தை அப்படியே வெட்டுகிறார்கள். அது பேப்பருக்குச் செய்த எழுத்து.

போர்டு மாஸ்டர்:
புள்ளியை ஓர் அங்குலம் ஏற்றினால் எழுத்து அசிங்கமாக இருக்கும். பகலில் பார்க்கிறவன் "புள்ளி பறக்குது" என்பான். அப்போது யாரைக் கேட்பீர்கள்? இந்த ஆளையா? அது கிடக்கட்டும், கீழே இங்கிலீஷ் லைன் எவ்வளவு பெரிசு? போட்டோவில் பார்த்தால் தமிழுக்குச் சமமாக இருக்கிறது. தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்றது 2 என்றுதான் விகிதம். அதிகாரி வந்து நோட்டீஸ் கொடுத்தால் புள்ளி தானாகத் தெரியும்.

கடைவீதி:
இங்கிலீஷ் 12 அங்குலம். கொஞ்சம் கூடத்தான். அதை ஏன் அண்ணே இப்போது கிளப்புகிறீர்கள்?

மாடிவீடு:
அந்த அதிகாரி நம்பர் இருந்தால் எனக்கும் கொடுங்கள். பச்சை வெளிச்சத்துக்கும் அவர் வருவாரா?

தூரிகை:
பேச்சை மாற்ற வேண்டாம் மாஸ்டர். பின்பக்கம் அணைத்ததும் 'மாளிகை' பிரிந்ததா இல்லையா?

போர்டு மாஸ்டர்:
காசு கொடுத்து வாங்கின ஹாலோவை அணைத்துவிட்டு "பார், தெரிகிறது" என்றால் எப்படி? போர்டையே கழற்றினால் இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு வெளிச்சமும் எரிய, பஸ் ஸ்டாப்பில் நின்று, நல்ல கண்ணோடு பார்த்தால் புள்ளி தெரியும். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கடைவீதி:
போர்டு போட்டவர் இப்போது போன் செய்தார். வயரைக் கழற்றியதால் வாரண்டி கிடையாதாம். புள்ளிக்காக ஏணி வைத்து ஏற ஆள் கூலி தனியாம். மீதியில் எவ்வளவு பிடிக்கலாம்?

போர்டு மாஸ்டர்:
பிடிக்கக் கூடாது. வயரில் கை வைத்தது நீங்கள்.

லைட்கடை:
என் பாக்கியையும் இப்படித்தான் பிடித்தார்.