ஒத்ததிர்வுக் குழாய்: முனைத் திருத்தம் மைனஸில் வருகிறது, அவசரம்

கவின்_பிஎஸ்சி: நாளைக்கு ரெக்கார்ட் சப்மிட் பண்ணணும். ஒத்ததிர்வுக் குழாயில் ஒலியின் வேகம் கண்டுபிடிக்கிற சோதனை. ஒரு இசைக்கவைக்கு 349 வருது, இன்னொன்றுக்கு 342. இரண்டாவதுக்கு e மைனஸ். ஆனா முதல் நீளத்தை மட்டும் வெச்சு v = 4fl போட்டா 330 வருது, புத்தகத்தில் இருக்கிற 332-க்குப் பக்கத்தில். அதையே எழுதிடலாமா?

தாமரை: எந்தெந்த இசைக்கவை? நீளம் எவ்வளவு? குழாயின் உள் விட்டம்? லேபில் வெப்பநிலை? இதெல்லாம் இல்லாம என்ன சொல்றது தம்பி?

பழைய_மாணவன்: இது பதினொன்றாம் வகுப்புப் பாடம். 332 என்பது 0 டிகிரியில். உங்க லேபில் ஐஸ் உறைஞ்சு கிடக்கா? பட்டம் படிக்கிறவங்க இதைக்கூடப் பார்க்கறதில்ல.

கவின்_பிஎஸ்சி: 30 டிகிரி. விட்டம் 3 செ.மீ.
512: l1 = 16.1, l2 = 50.2
480: l1 = 18.0, l2 = 53.6
384: l1 = 21.8, l2 எடுக்க நேரம் இல்ல
256: l1 = 33.2, l2-க்குக் குழாய் நீளம் பத்தல

ரமேஷ்_சேலம்: ஏன் இவ்வளவு குழப்பம்? e = 0.3d. உங்களுக்கு 0.9 செ.மீ. l1-உடன் கூட்டிட்டு நாலால பெருக்குங்க. 512-க்கு 17.0 × 4 × 512, அதாவது 348. முடிஞ்சது.

தாமரை: ரமேஷ், அதையே 480-க்குப் போட்டுப் பாருங்க. 18.9 × 4 × 480, 363 வரும். தப்பு ரீடிங்கில் இருக்கும்போது 0.9-ஐக் கூட்டினா தப்பு இன்னும் மேல போகுது.

கவின், 330-ஐ எழுதாதீங்க. 30 டிகிரியில் 349 பக்கம் வரணும். அலை குழாயின் வாய்க்குக் கொஞ்சம் வெளியே வரை நீளுது, v = 4fl அதைக் கணக்கில் எடுக்கல. அதனால 19 குறைஞ்சு, வேறொரு வெப்பநிலையின் மதிப்புக்குப் பக்கத்தில் தற்செயலா வந்து நிக்குது.

512-இன் ரீடிங் நல்லா இருக்கு. l2 - l1 = 34.1, v = 2 × 512 × 34.1, 349 மீ/வி. e = (l2 - 3l1)/2 = 0.95. கோளாறு 480-இல்தான். e-க்கான சூத்திரத்தில் l1-ஐ மூணால பெருக்குறோம், அதனால l1-இல் 2 மி.மீ. பிசகினா e-இல் 3 மி.மீ. போயிடும்.

முத்து: எனக்கும் e மைனஸ் வந்துச்சு. ஸ்கேலின் பூஜ்யம் குழாய் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேல இருந்தது. அதைப் பாருங்க.

தாமரை: முத்து சொன்னது நடக்கிற விஷயம்தான். ஆனா அப்படி இருந்தா எல்லா இசைக்கவைக்கும் e ஒரே அளவு குறையும். l2 - l1-இல் அந்தப் பிசகு கழிஞ்சு போறதால v சரியாவே வரும். இங்க 512 நல்லா இருக்கு, 480-க்கு மட்டும் v-உம் சேர்ந்து இறங்கியிருக்கு. l1 மட்டும் அதிகமா படிக்கப்பட்டிருக்கு. முதல் ஒத்ததிர்வில் சத்தம் அகலமா பரவியிருக்கும். நீரை இறக்கிக்கிட்டே கேட்டா உச்சத்தைத் தாண்டின பிறகுதான் கை நிக்கும்.

சந்தேகம் இருந்தா l1-ஐ 1/f-க்கு எதிரா வரைபடம் போடுங்க. சாய்வு v/4, y அச்சில் வெட்டுத்துண்டு -e. 256-ஐயும் 512-ஐயும் இணைச்சா v 350, e 1.0. அந்தக் கோட்டில் 384-க்கு 21.8 வரணும், அப்படியே இருக்கு. 480-க்கு 17.2 வரணும், உங்களது 18.0. அந்த ஒரு புள்ளி மட்டும் தனியா மேல நிக்கும். குழாய் பத்தாத 256-உம் இதில் பயன்படுது பாருங்க.

பழைய_மாணவன்: 0.3d எல்லாம் தோராயம். திறந்த வாய்க்கு லெவினும் ஷ்விங்கரும் 1948-இல் கணக்கிட்டது 0.6133r. வாயைச் சுத்தி அகலமான தட்டு இருந்தா 0.82r. எதுன்னு தெரியாம யாரும் எண்ணைப் போடக்கூடாது.

ரமேஷ்_சேலம்: 0.6133r-னா 0.92 செ.மீ., நான் சொன்னது 0.9. இதுக்கா இவ்வளவு பேச்சு? லேபில் யார் 0.2 மி.மீ. படிக்கிறாங்க?

பழைய_மாணவன்: வாய்க்கு மேல இசைக்கவையே இருக்கு. அதைக் கிட்ட கொண்டுபோனா e மாறும். அப்புறம் எந்தச் சூத்திரம்?

முத்து: நான் ஃபோனில் டோன் ஆப் வெச்சு பிவிசி பைப்பில் செஞ்சேன். ஃபோனை வாய் மேல படுக்க வெச்சப்போ எல்லா நீளமும் மாறிப்போச்சு.

ரமேஷ்_சேலம்: அது பாதி மூடின வாய். கவின் கேட்டது அதில்ல.

தாமரை: அதனாலதான் e-ஐ வெளியிலிருந்து எடுத்துப் போடாம, சொந்த ரீடிங்கிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்றேன். ஆனா இசைக்கவையை எல்லா ரீடிங்குக்கும் ஒரே உயரத்தில் பிடிக்கணும். வாயைத் தொடவும் கூடாது.

பழைய_மாணவன்: நீருக்கு மேல இருக்கிறது ஈரக் காற்று. உலர்ந்த காற்றைவிட அதில் வேகம் சற்றே கூடும். 349-தான் சரின்னு எப்படிச் சொல்றீங்க?

தாமரை: கூடும், ஒன்றிரண்டு மீ/வி. ஆனா l2 - l1-இல் ஒரு மி.மீ. பிசகினாலே ஒரு மீ/வி மாறுது. இந்தக் கருவியில் அந்த வித்தியாசம் தெரியாது.

பழைய_மாணவன்: பல இசைக்கவை வெச்சு சராசரி எடுத்தா தெரியும்.

கவின்_பிஎஸ்சி: காலையில லேப் திறந்ததும் 480-ஐ நீரை ஏத்தியும் இறக்கியும் எடுத்தேன். 17.2, 17.4. l2 அதே 53.6. v 348.5, e 0.85. வரைபடமும் போட்டாச்சு. நன்றி அக்கா.

ரமேஷ்_சேலம்: 0.85-ஆ? அப்போ 0.3d சரிதானே.