பாத்திரம் துலக்கிக் கை வெடிக்கிறது: திரவமா, கட்டியா, தூளா?

கேள்வி (குராய்டன், லண்டன்): வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. நான்கு பேர் ஒரே சமையலறையைப் பயன்படுத்துகிறோம்; இரவில் பாத்திரம் துலக்குவது என் பொறுப்பு. ஊரில் தூள் போட்டே துலக்கிப் பழகியதால் இங்கும் தூளையே வாங்கினேன். தேங்காய் எண்ணெய் பட்ட வாணலியில் பிசுக்குப் போகவில்லை, நுரையும் வரவில்லை. மூன்று நாட்களாக விரல் மூட்டுகளில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மூன்றில் எது எண்ணெயை எடுக்கும், எது மலிவு, எது கையை வறட்டாது?

ஈஸ்ட் ஹாம்: தங்கச்சி, தூளை விட்டுவிட்டுத் தமிழ்க் கடையில் சவர்க்காரக் கட்டி வாங்குங்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில் சுடுநீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். அந்தக் கட்டியோடுதான் காலம் தள்ளினேன். திரவத்தில் இரசாயனம் இருக்கிறது, கட்டி வெறும் சவர்க்காரம் என்பதால் கைக்கு நல்லது.

கிளாஸ்கோ: நான் ஒப்பமாட்டேன். இங்கே ஒரு தொட்டி வெந்நீரில் ஒரு தேக்கரண்டி திரவம் விட்டால் நால்வர் சாப்பிட்ட தட்டுகள் முடிந்துவிடும். அதற்குமேல் ஊற்றுவது வீண்.

ஹாரோ: உங்கள் ஊர்த் தண்ணீர் மென்மையானது, ஐயா. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெண்டியின் அடியைப் பார்த்தாலே தெரியும். இங்கே அதே நுரை வர இன்னும் கொஞ்சம் விட வேண்டும். வீட்டு உரிமையாளரோ சுடுநீர்க் கொதிகலனைப் பழுது பார்க்க இரண்டு மாதங்களாக ஆள் அனுப்பவில்லை. பச்சைத் தண்ணீரில் எதைப் போட்டுத் துலக்கினாலும் என்ன பயன்?

ஈஸ்ட் ஹாம்: வாடகை மட்டும் முதல் தேதியில் வேண்டும். எங்களுக்கும் அதே கதைதான்.

ரெடிங் (முன்பு சோப்பு ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை): கொதிகலன் பேச்சைச் சற்று நிறுத்திவைப்போம். அம்மா, நீங்கள் வாங்கிய பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, தட்டு அடுக்கும் இயந்திரத்தின் படம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குராய்டன்: இருக்கிறது. ‘டிஷ்வாஷர் பவுடர்’ என்று போட்டிருக்கிறது. பாத்திரம் கழுவும் தூள் என்றே நினைத்தேன்.

ரெடிங்: காரணம் அதுதான். அது இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. உள்ளே கை படாது என்பதால் காரம் மிகுதியாகவும், நுரை பொங்கி இயந்திரம் கெடாதபடி நுரை குறைவாகவும் செய்திருப்பார்கள். அந்தக் காரம் தோலின் எண்ணெய்ப்பசையை அரித்துவிட்டது. இன்றே நிறுத்துங்கள். கடையில் ‘வாஷிங் அப் லிக்விட்’ என்று எழுதிய புட்டியைத் தேடுங்கள். கையால் துலக்குவதற்கு உரியது அதுவே.

ஈஸ்ட் ஹாம் அக்கா சொன்னதில் பாதி சரி. நம் ஊர்க் கட்டி அடிப்பிடித்த எவர்சில்வரை நன்றாகத் தேய்க்கும். அதற்குக் காரணம் அதில் கலந்த நுண்ணிய கல்தூள். ஆனால் அது வெறும் சவர்க்காரம் அன்று. அதிலும் திரவத்தில் உள்ளது போன்ற அழுக்கு நீக்கியும், கூடவே சோடாவும் உண்டு. ஆகவே கைக்குத் திரவமே மென்மை. ஒட்டாத பூச்சுள்ள வாணலியில் கட்டியும் தூளும் வேண்டாம், கீறிவிடும்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்காலக் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகக் குளிர்ந்தது என்பதால் எந்தச் சோப்பும் பிசுக்கை எளிதில் கரைக்காது. முதலில் காகிதத்தால் வாணலியைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு கெண்டியில் சுடவைத்த நீரைக் குழாய் நீரோடு கலந்து, திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துடைக்காமல் ஊற்றினால் கழிவுக்குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கிளாஸ்கோ: செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கும் 500 மில்லி புட்டி 1.20 பவுண்டு. தொட்டியில் ஐந்து மில்லி விட்டால் நூறு முறைக்கு வரும், ஒரு முறைக்கு ஒரு பென்னிக்குச் சற்று மேல். நாரில் நேராகப் பிழிந்தால் பதினைந்து மில்லி போய்விடுகிறது; அப்போது மூன்றரைப் பென்னி.

ஈஸ்ட் ஹாம்: என் கட்டி ஒன்றரைப் பவுண்டு, பதினெட்டு நாள், நாளுக்கு இருமுறை என்று வைத்தால் நான்கு பென்னி. ஈரத்திலேயே கிடந்தால் இன்னும் விரைவாகக் கரைந்துவிடும். இருந்தாலும் அடிப்பிடித்த சோற்றுப் பானைக்கு நான் கட்டியை விடமாட்டேன்.

ஹாரோ: கைக்கு ரப்பர் உறை போட்டுத் துலக்கச் சொல்லுங்கள். எனக்கு ரப்பர் ஒவ்வாமல் அரிப்பு வந்தது. நைட்ரைல் உறைக்கு மாறிய பிறகு சரியானது.

ரெடிங்: உறைக்குள் ஈரம் தேங்காமல் மெல்லிய பருத்தி உறை ஒன்றை அணியலாம். இரவில் வாசலினைத் தடவுங்கள். வெடிப்பில் சீழோ வீக்கமோ தெரிந்தால் திங்கட்கிழமை வரை காத்திராமல் மருந்துக்கடையில் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

குராய்டன்: சீழ் இல்லை. புட்டியும் உறையும் வாங்கிவந்துவிட்டேன். அந்தப் பெட்டியில் பாதித் தூள் மீதியிருக்கிறது. இந்த வீட்டில் இயந்திரம் இல்லை. வேண்டுவோர் குராய்டன் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.