புதுப்பிப்பு: டெல்லியில் அப்பாவின் இணைப்பு விமானம்

முன்பு நான் இங்கே கேட்டது: "துபாயிலிருந்து அப்பா வரும் விமானம் DIVERTED, அடுத்த சென்னை விமானம் DELAYED, GATE CHANGED. பிடிக்க முடியுமா?"

பிடித்துவிட்டார். டெல்லிப் பனிமூட்டத்தால் ஜெய்ப்பூரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பியிருக்கிறது. DIVERTED என்றால் பயணமே ரத்து என்று பதிலில் ஒருவர் சொன்னது பாதி சரி. சில சமயம் அங்கேயே இறக்கிவிடுவதும் உண்டு.

விமான நிலையத்தில் வேலை பார்த்த அண்ணன் இங்கே பதிலில் சொன்னதுதான் கைகொடுத்தது: "DELAYED பக்கத்திலுள்ள நேரம் முன்னாலும் நகரும், நம்பி உட்காராதீங்க." அப்படியே 14:40 என்றிருந்தது 14:10 ஆனது! கேட் மூடுவது அதற்கும் 25 நிமிடம் முன்பு. புது கேட் எண் திரையில்தான். கையிலிருந்த போர்டிங் பாஸில் பழையதே.

பதிலில் பெட்டி தொலைந்த கதை சொன்ன அக்காவுக்கு: பெட்டியை டெல்லியில் எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி கொடுத்தார், வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரே பிஎன்ஆர். தனித்தனி டிக்கெட்டாக இருந்து தவறவிட்டிருந்தால் பணம் திரும்புமா?