அப்பா 60 (அப்பாவைச் சேர்க்காதீங்க)

செந்தில்: இது புது குரூப். "நம்ம குடும்பம்" குரூப்ல அப்பா இருக்கார், அங்க ஒரு வார்த்தை வரக்கூடாது

சரசு அத்தை: 🙏🙏

சரசு அத்தை: எந்த குரூப்ல வரக்கூடாது

குமார் மாமா: அத்தானுக்கு ஜூன் 1ஓட 60 முடிஞ்சிருச்சே. மே கடைசியில ரிட்டயரும் ஆயாச்சு. இப்ப என்ன?

கவிதா: மாமா அது ஸ்கூல்ல சேர்க்க தாத்தா போட்ட தேதி

மூர்த்தி சித்தப்பா: குமாரு, சர்ட்டிபிகேட் தேதிக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அண்ணன் பிறந்தது 1966, பராபவ வருஷம், ஆவணி மாசம், சுவாதி. அறுபது வருஷம் சுத்தி அதே பராபவ இந்தச் சித்திரையில வந்தாச்சு. வர்ற ஆவணி சுவாதிதான் நாள். ஆனா இந்த ஆவணியில சுவாதி ரெண்டு தடவை வருது, முதல் வாரத்துல ஒண்ணு, மாசக் கடைசியில ஒண்ணு. அப்படி வந்தா ரெண்டாவதை எடுக்கிறதுதான் நம்ம வீட்டு வழக்கம். எதுக்கும் வாத்தியார்கிட்ட கேட்டுக்கணும்.

செந்தில்: ஓகே சித்தப்பா

கவிதா: ரெண்டாவது பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி வருது. பெங்களூர்ல இருந்து டிக்கெட் கிடைக்கவே கிடைக்காது

மூர்த்தி சித்தப்பா: உன் டிக்கெட்டுக்காக நட்சத்திரம் மாறுமா

கவிதா: 😐

சரசு அத்தை: எங்க வீட்டுக்காரருக்கு திருக்கடையூர்ல பண்ணினோமே. ஒரே மண்டபத்துல எத்தனை ஜோடி!! ஓமப் புகையில யார் மாப்பிள்ளைன்னே தெரியல. கலசத் தண்ணி ஊத்தினப்ப அவருக்கு ஜலதோஷம் பிடிச்சுது. மூர்த்தி வரவே இல்ல

மூர்த்தி சித்தப்பா: ஆடிட்னு அன்னைக்கே சொன்னேன்.

சரசு அத்தை: சொன்ன சொன்ன

செந்தில்: அத்தை, திருக்கடையூர்ங்கிற பேரே எடுக்காதீங்க. அறுபது வயசு ஆளை அங்க கூப்பிட்டா எதுக்குன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வைத்தீஸ்வரன்கோயில்ல என் பையனுக்கு மொட்டைன்னு சொல்லிக் கூட்டிட்டு வரேன். மறுநாள் காலைல அபிராமியைப் பாத்துட்டுப் போலாம்னு வண்டியைத் திருப்பிடலாம்

கவிதா: அவனுக்குப் போன வருஷமே மொட்டை போட்டாச்சேடா

செந்தில்: ரெண்டாவது மொட்டை

அம்மா: எனக்கு மறைக்கத் தெரியாது. நேத்தே "ஏன் பட்டுப்புடவையை வெளியே எடுத்து வச்சிருக்க"ன்னு கேட்டார். வெயில்ல போடன்னு சொன்னேன்

கவிதா: இந்த மழையிலயா அம்மா

குமார் மாமா: அக்கா, தாலி நாங்கதான் எடுப்போம். பொறந்த வீட்டு உரிமை

செந்தில்: நானும் கவிதாவும் எடுக்கலாம்னு இருந்தோம் மாமா

குமார் மாமா: கவிதா கல்யாணத்துல சீர்த் தட்டை மேடையில வைக்க விட்டீங்களா? இதையும் விட மாட்டீங்களா

அம்மா: குமாரு இங்க வேணாம்

மூர்த்தி சித்தப்பா: புரோகிதருக்கு அண்ணி நட்சத்திரமும் வேணும். பூராடமா உத்திராடமா?

அம்மா: உத்திராடம். பொண்ணு பார்க்க வந்தப்பவே கேட்டீங்களே

குமார் மாமா: ஒரு நிமிஷம். அத்தான் இப்பதான் போன் பண்ணார். ஆவணிக் கடைசியில ஊர்ல இருப்பியான்னு கேக்கறார்

செந்தில்: என்ன சொன்னீங்க???

குமார் மாமா: இருப்பேன்னேன். "சரி, வேட்டி எடுத்துட்டு வா"ன்னு வச்சுட்டார்

செந்தில்: அத்தை???

சரசு அத்தை: எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சாயங்காலம் அண்ணன்கிட்ட சாம்பார் பொடி பத்தி மட்டும்தான் பேசினேன்

கவிதா: இப்ப நான் எந்த சுவாதிக்கு டிக்கெட் போடறது