சப்ளையர் 14% ஏத்துறேன்னு மெயில் போட்டுட்டார், பாதி ஒத்துக்கிட்டு தேதியை தள்ளி கேக்கணும், எப்படி எழுதுறது? (அவசரம்)

குழப்பவாதி
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு அட்டைப்பெட்டி சப்ளை பண்றவர் வர்ற 1ஆம் தேதிலேர்ந்து 14% விலை ஏத்துறோம்னு மெயில் அனுப்பியிருக்கார். முழுசா முடியாதுன்னா சப்ளை நின்னுடுமோன்னு பயம், முழுசா ஒத்துக்கிட்டா என் லாபமே போயிடும். ஒரு 7% ஒத்துக்கிட்டு ரெண்டு மாசம் கழிச்சு ஆரம்பிங்கன்னு கேக்கலாம்னு யோசனை. கோபமும் வரக்கூடாது, கெஞ்சுற மாதிரியும் இருக்கக்கூடாது. யாராவது ரெண்டு வரி எழுதி குடுங்க, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.

சேகர்77
என்ன காரணம் சொல்லியிருக்கார்? அக்ரிமென்ட் இருக்கா? வேற சப்ளையர் இருக்காரா? இதெல்லாம் தெரியாம ரெண்டு வரி எப்படி எழுதுறது தம்பி.

ராத்திரி ஷிப்ட்
நான் போன வருஷம் இதேதான் பண்ணேன் ப்ரோ. கஸ்டமருக்கு மெயில் போடும்போது மன்னிப்பு கேக்காதீங்க, நேரா "விலை மாறுது, இந்த தேதியிலேர்ந்து" அவ்வளவுதான். மன்னிப்பு கேட்டா பேரம் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

சேகர்77
அவர் ஏத்துறவர் இல்லப்பா, ஏத்தம் வாங்குறவர். மறுபடி படி.

ராத்திரி ஷிப்ட்
ஓ சாரி சாரி. அப்போ உங்க சப்ளையரும் நான் சொன்ன மாதிரிதான் மெயில் போட்டிருப்பார் 😅

கணக்குப்புலி
இந்த கேள்வி வாரம் ஒரு தடவை வருது, பழசை தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. சிம்பிள். பேப்பர் எவ்வளவு ஏறிச்சோ அவ்வளவு குடு, அதுக்கு மேல ஒரு பைசா குடுக்காத. பேப்பர் 12% ஏறியிருந்தா 12%, முடிஞ்சது. 7%னு மனசுல தோணுன நம்பரை எழுதினா அவன் சிரிப்பான்.

அமுதா பர்ச்சேஸ்
கணக்குப்புலி சார், பாதி சரி. கணக்கு வச்சு பேசணும்ங்கறது ரொம்ப சரி. ஆனா பேப்பர் 12% ஏறினா பெட்டி 12% ஏறாது. பெட்டி விலையில பேப்பர் ஒரு பங்குதான், மிச்சம் பசை, கரண்ட், கூலி, வண்டி வாடகை, அவர் லாபம். 100க்கு பேப்பர் 60ன்னா, அந்த 60ல 12% ஏறினா 7.2 தான் வருது.

குழப்பவாதி, அவர் என்ன காரணம் சொன்னார், பெட்டில பேப்பர் பங்கு எவ்வளவு, இந்த ரெண்டும் சொல்லுங்க. பெண்டிங் ஆர்டர் இருக்கான்னும் சொல்லுங்க, அதுதான் முக்கியம்.

குழப்பவாதி
மன்னிக்கணும், அவசரத்துல எதுவும் சொல்லல. மெயில்ல "பேப்பர் 12% ஏறிடுச்சு, கூலியும் போக்குவரத்தும் கூடுது" அவ்வளவுதான் இருக்கு. பங்கு பத்தி முன்னாடி ஒரு தடவை பேசும்போது அறுபது பர்சென்ட் பேப்பர்தான்னு அவரே வாய்விட்டு சொன்னார். எழுத்துல அக்ரிமென்ட் எதுவும் இல்ல, ஒவ்வொரு பிஓவிலயும் விலை போடுவோம். மாசம் சுமார் 8000 பெட்டி, மூணு சைஸ். 6000 பெட்டி ஆர்டர் போட்டது இன்னும் வரல. என் கஸ்டமருங்க கிட்ட ரெண்டு மாசத்துக்கு விலை பேசி முடிச்சாச்சு, அதனாலதான் தேதி தள்ளணும். அக்கா 7%ன்னு நான் குத்துமதிப்பா சொன்னேன், அது 7.2ல வந்து நிக்கும்னு எனக்கே தெரியாது.

அமுதா பர்ச்சேஸ்
நல்ல அதிர்ஷ்டம் தம்பி. இப்போ ஒண்ணு யோசிங்க, பர்சென்ட்டும் தேதியும் ஒரே எடை இல்ல. விலையை 100ன்னு வச்சு ஒரு வருஷம் பாப்போம்.

அவர் கேட்டபடி விட்டா 14 × 12 மாசம் = 168 எக்ஸ்ட்ரா.
முழு 14ஐ குடுத்து ரெண்டு மாசம் மட்டும் தள்ளினா 140. மிச்சம் 28.
உடனே ஆரம்பிச்சு 7 மட்டும் குடுத்தா 84. மிச்சம் 84.
7ம் கிடைச்சு ரெண்டு மாசமும் தள்ளினா 70. மிச்சம் 98.

அதாவது 7ன்னு இறங்கிட்டார்னா, தேதி தர்றது அதுக்கு மேல வெறும் 14. தேதி ஒரு தடவைதான் மிச்சம் தரும். பர்சென்ட் அடுத்த வருஷமும் அப்படியே நிக்கும், அடுத்த ஏத்தமும் அதுக்கு மேலதான் உக்காரும். சப்ளையருக்கு இது தெரியும். அதனால "சரி ரெண்டு மாசம் தள்ளிக்கறேன், ஆனா 14 தான்"னு பெருந்தன்மையா சொல்வார், நாம சந்தோஷத்துல கை குலுக்கிட்டு வந்துடுவோம். நானே அப்படி ஏமாந்திருக்கேன்.

அதனால உள்ளுக்குள்ள முடிவு பண்ணிக்கோங்க: விட்டுக்குடுக்கறதுன்னா தேதியில விடுங்க, பர்சென்ட்ல கெட்டியா நில்லுங்க. ஆனா உங்க கஸ்டமர் விலை ரெண்டு மாசம் கட்டிப் போட்டிருக்கறதால, தேதியை முழுசா விட்டுடவும் கூடாது.

வண்டிக்காரன்
நான் எதிர் பக்கம், சின்ன யூனிட்ல சேல்ஸ் பாக்குறேன். தேதி கேக்கும்போது "எங்க கஸ்டமர் விலை ஃபிக்ஸ்டு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது உங்க பிரச்சனை, எங்களுக்கு என்ன. "உங்ககிட்ட பழைய விலை பேப்பர் எத்தனை வாரத்துக்கு இருக்கு?"ன்னு கேளுங்க. எங்ககிட்ட எப்பவும் மூணு நாலு வாரத்துக்கு ரீல் கிடக்கும். அது தீர்றதுக்கு முன்னாடி புது விலை போட்டா அது எங்களுக்கு சும்மா கிடைக்கிற லாபம், அது எங்களுக்கே தெரியும். நேரா கேட்டா மழுப்ப கஷ்டம்.

கணக்குப்புலி
இவ்வளவு கடிதப் போக்குவரத்து எதுக்கு? 1ஆம் தேதிக்கு முன்னாடி பழைய விலையில மூணு மாச பெட்டியை மொத்தமா ஆர்டர் போடு, கதை முடிஞ்சது. பிசினஸ் தெரிஞ்சவன் அதைத்தான் பண்ணுவான்.

வண்டிக்காரன்
அது எல்லாரும் பண்றதுதான், அதான் நாங்க மெயில்லயே "வழக்கமான மாச அளவுக்கு மேல பழைய விலையில ஏத்துக்க மாட்டோம்"னு போட்டுடுவோம். போடாத சப்ளையர் கூட ஆர்டரை வாங்கிட்டு டெலிவரியை 1ஆம் தேதிக்கு அப்புறம் தள்ளுவார்.

கணக்குப்புலி
அது மோசடி.

வண்டிக்காரன்
24000 பெட்டி ஒரே வாரத்துல கேக்குறது மட்டும் நியாயமா?

சேகர்77
நியாயம் அநியாயம் விடுங்கப்பா, 24000 பெட்டியை எங்க வைப்பார்? ஈரக்காத்து பட்டா அட்டை நமுத்துப் போய் பலம் குறையும். நான் ஒரு தடவை கொடவுன்ல ரெண்டு மாசம் வச்சு, அடுக்கினதுல கீழ் வரிசை பூரா சப்பிப்போச்சு. மிச்சம் பண்ணது அதுலயே காலி.

கணக்குப்புலி
தரையில நேரா வச்சா சப்பிப்போகத்தான் செய்யும். பேலட் மேல வைக்கணும். இது கூட சொல்லித் தரணுமா.

சேகர்77
பேலட் மேலதான் வச்சேன் சார். காத்துல இருக்குற ஈரத்துக்கு பேலட் என்ன பண்ணும்.

அமுதா பர்ச்சேஸ்
ஐயா ரெண்டு பேரும், அவர் சாயங்காலம் மெயில் அனுப்பணும் 🙂

தம்பி, நான் எழுதுறதை உங்க வார்த்தையில மாத்திக்கோங்க:

> வணக்கம். உங்க விலை மாற்ற மெயில் கிடைத்தது. பேப்பர் விலை ஏறியிருப்பது புரிகிறது, அந்த பங்கை நாங்கள் ஏற்கத் தயார். பெட்டி விலையில் பேப்பர் சுமார் 60% என்று நாம் முன்பு பேசியிருக்கிறோம், அதன்படி 12% ஏற்றத்துக்கு பெட்டி விலையில் 7.2% வருகிறது. இதை மூன்று சைஸுக்கும் ஏற்கிறோம். கூலி, போக்குவரத்துக்காக கேட்டிருக்கும் மீதிக்கு விவரம் அனுப்பினால் தனியாக பேசலாம்.
>
> புது விலை நீங்கள் சொன்ன 1ஆம் தேதியிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாங்கள் போடும் பிஓக்களுக்கு பொருந்தட்டும். பழைய விலையில் வாங்கிய பேப்பர் உங்களிடம் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்று தெரிவித்தால் தேதியை சேர்ந்து முடிவு செய்யலாம். ஏற்கனவே போட்ட 6000 பெட்டி பழைய விலையிலேயே வர வேண்டும். பேப்பர் விலை இறங்கினால் இதே கணக்கில் பெட்டி விலையும் இறங்க வேண்டும். எழுத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் வரை இப்போதைய விலையே தொடரும்.

இதுல ரெண்டு இடத்தை மாத்தாதீங்க. ஒண்ணு "போடும் பிஓக்களுக்கு"ங்கறது. சும்மா "1ஆம் தேதி முதல்"னு விட்டா, அனுப்புற தேதியை வச்சு உங்க 6000 பெட்டிக்கும் புது விலை போட்டுடுவார். இன்னொண்ணு கடைசி வரி.

மல்லிகா
அந்த கடைசி வரிக்கு நான் சாட்சி. நான் "மெயில் பார்த்தேன், பேசலாம்"னு மட்டும் பதில் போட்டேன், அவர் மறுபடி பேசவே இல்ல. அடுத்த மாசம் பில் புது விலையில வந்துச்சு, அக்கவுண்ட்ஸ்ல இருக்குற பையன் பிஓவோட ஒத்துப் பாக்காம பணம் போட்டுட்டான். அப்புறம் நான் கேட்டா "நீங்க பில்லையே கட்டிட்டீங்களே மேடம்"ங்கறார். குழப்பவாதி, மெயில் அனுப்புற அன்னைக்கே அக்கவுண்ட்ஸ்ல சொல்லி வைங்க, பிஓ விலைக்கு மேல வர்ற பில்லை நிறுத்திட்டு உங்ககிட்ட கேக்கட்டும்.

ராத்திரி ஷிப்ட்
பில்லை நிறுத்தினா அவர் சப்ளையை நிறுத்திட மாட்டாரா?

வண்டிக்காரன்
முழு பில்லையும் நிறுத்தினா நிறுத்தலாம். பழைய விலை தொகையை டைமுக்கு போட்டுட்டு, வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் கேளுங்க. பணம் வந்துட்டே இருந்தா எங்களுக்கு அவ்வளவு கோபம் வராது. அமுதா அக்கா மெயில்ல எனக்கு ஒரு குறை, எங்களுக்கு என்ன கிடைக்கும்னு எதுவுமே இல்ல. ஆறு மாசத்துக்கு மாசம் 8000ன்னு எழுதிக் குடுத்தா, அதை வச்சு நான் முதலாளிகிட்ட பேசலாம்.

அமுதா பர்ச்சேஸ்
அதை கையில வச்சுக்கட்டும், முதல் மெயில்லயே குடுத்துட்டா அடுத்த சுற்றுக்கு என்ன இருக்கு.

வண்டிக்காரன்
நான் முதல் மெயில்லயேதான் வேணும்பேன். அப்போதான் மெயில் மேல போகும்.

கணக்குப்புலி
மாசம் 8000 பெட்டி வாங்குறவனுக்கு மேல எவனும் போக மாட்டான். இதுக்கு இவ்வளவு கூட்டம்.

குழப்பவாதி
நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். அமுதா அக்கா மெயிலை கொஞ்சம் மாத்தி அனுப்பினேன், ஆறு மாச அளவையும் சேர்த்துட்டேன். போன் பண்ணார். முதல்ல தேதியை தள்ளி 14ன்னுதான் ஆரம்பிச்சார், அக்கா சொன்ன அதே மாதிரி, எனக்கு சிரிப்பே வந்துடுச்சு. கடைசியா 9%, ஒரு மாசம் தள்ளி. பழைய ரீல் அஞ்சு வாரத்துக்கு இருக்குன்னு அவரே சொன்னதாலதான் அந்த ஒரு மாசம். 6000 பெட்டி பழைய விலை. பேப்பர் இறங்கினா இறக்கணும்ங்கறதுக்கு மட்டும் "பாக்கலாம்"னுட்டார். எல்லாருக்கும் நன்றி.

அமுதா பர்ச்சேஸ்
அந்த 9ல 1.8 எதுக்குன்னு விவரம் வாங்கினீங்களா? போன்ல பேசினதை மெயில்ல போட்டு "சரி"ன்னு பதில் வாங்கிட்டீங்களா?

மல்லிகா
ஆளைக் காணோம்.

ராத்திரி ஷிப்ட்
அக்கா எனக்கும் ஒரு டவுட், எனக்கு ஏத்தினது பெட்டி இல்ல, பெட்டி ஒட்டுற டேப். அதுல எது எவ்வளவு பங்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?