தொட்டி மிதவை சுவிட்ச் மாட்டினால் ESP32 பின் செத்துப்போகிறது. எங்கே என்ன போட வேண்டும்?

முதுநகர்வாசி (கடலூர்):
மாடித் தொட்டியில் மிதவை சுவிட்ச். அங்கிருந்து 25 மீட்டர் ஒயர், மோட்டார் ஒயர் போகும் அதே பிவிசி பைப்பில் கீழே வருகிறது. ஒரு முனை GPIO 27, மறு முனை கிரவுண்ட். 10 கிலோ ஓம் புல்-அப் வைத்திருக்கிறேன். இரண்டாவது போர்டிலும் அந்தப் பின் மட்டும் எப்போதும் ‘லோ’ என்றே காட்டுகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன. சாப்ட்வேர் கோளாறா, பின் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வில்லியனூர் செல்வம்:
மோட்டார் ஆன், ஆஃப் ஆகும்போது வரும் ஸ்பைக்தான் காரணம். நம்ம கடற்கரை ஈரப்பதத்தில் ஸ்டாட்டிக் எல்லாம் வராது. 10 கிலோ ஓம் சீரிஸில் போட்டு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 3.3 வோல்ட் ஜீனர் வையுங்கள், முடிந்தது.

லாசுப்பேட்டை ஹார்டுவேர் (புதுச்சேரி):
தம்பி, முதலில் பின்னைச் சோதித்துவிடுங்கள். பவரை எடுத்துவிட்டு, ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை கிரவுண்டில், கருப்பு முனை பின்னில். நல்ல பின்னில் ஏறக்குறைய 0.5 முதல் 0.7 வரை காட்டும். பக்கத்துப் பின்னும் அதே அளவு சொல்லும். இது மட்டும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் உள்ளே இருக்கும் காப்பு டையோடு ஷார்ட் ஆகிவிட்டது. சாப்ட்வேரைத் தேட வேண்டாம்.

செல்வம் சொன்ன மோட்டார் காரணம் இருக்கக்கூடியதுதான், ஒயரைத் தனிப் பைப்பில் கொண்டுபோங்கள். ஆனால் ஸ்டாட்டிக்கைத் தள்ளிவிட முடியாது. ஈரக்காற்று அதைக் குறைக்கும், ஒழிக்காது. பிவிசி பைப்புக்குள் இழுத்த ஒயரே சார்ஜ் ஏறி நிற்கும். டெர்மினலில் திருகிய கணத்தில் அத்தனையும் பின்னுக்குள் இறங்கும். மாட்டுவதற்கு முன் ஒயரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, போர்டின் கிரவுண்டில் ஒருமுறை தொடுங்கள்.

சிப்புக்குள் இருக்கும் காப்பு, தொழிற்சாலையில் கையாளும்போது வரும் சின்ன அடிக்கானது. கனெக்டருக்கான சோதனையில் 150 பிகோ ஃபாரட் 8,000 வோல்ட்டுக்கு ஏறி, 1 நானோ செகண்டுக்குள் 30 ஆம்பியர் பாய்கிறது. அவ்வளவு வேகத்தில் 10 மில்லிமீட்டர் ஒயரிலேயே 300 வோல்ட் எழும். அதனால் பாகத்தின் மதிப்பைப் போலவே அது உட்காரும் இடமும் முக்கியம்.

டெர்மினலின் இரண்டு திருகுக்கும் குறுக்கே, கால்களை ஒட்ட வெட்டி, 100 நானோ ஃபாரட் 50 வோல்ட் செராமிக். 8,000 வோல்ட்டில் அந்த 150 பிகோவில் இருக்கும் சார்ஜ் 1.2 மைக்ரோ கூலூம். அது 100 நானோவில் பரவினால் 12 வோல்ட்தான். கெபாசிட்டரின் கால் நீளத்தால் முதல் முனை கொஞ்சம் தப்பி வரும். அதற்குத்தான் அடுத்து 4.7 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர், அதற்கும் அடுத்து BAT54S. அதன் நடுக்கால் பின்னில், ஓரக்கால்கள் கிரவுண்டிலும் 3.3 வோல்ட்டிலும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டையோடை டெர்மினல் பக்கம் வைத்தால் முழு அடியும் 3.3 வோல்ட் லைனுக்குள் போய்விடும்.

முதுநகர்வாசி:
டையோடு சோதனையில் GPIO 27 0.02, பக்கத்துப் பின் 0.61. அப்போ பின் போய்விட்டது. அண்ணா, என் 10 கிலோ ஓம் புல்-அப் பின் பக்கம் இருக்கிறது. சீரிஸிலும் 10 கிலோ ஓம் போட்டால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?

லாசுப்பேட்டை ஹார்டுவேர்:
சுவிட்ச் மூடும்போது இரண்டும் பாதி பாதி பிரித்து 1.65 வோல்ட்டில் நிற்கும். ESP32 அதை லோ என்று எடுக்க 0.82க்குக் கீழே வர வேண்டும். புல்-அப்பை 47 கிலோ ஓமாக மாற்றி சீரிஸில் 4.7 வையுங்கள், 0.3 வோல்ட் வரும். ஜீனர் வேண்டாம் என்பதும் இதனால்தான். 3.3 வோல்ட் ஜீனர் அந்த அளவுக்கு முன்பே கசியத் தொடங்கும்; 47 கிலோ ஓம் கொடுக்கும் சொற்ப கரண்டை அதுவே குடித்தால் ‘ஹை’ எழும்பாது.

பரங்கிப்பேட்டை இறால்குளம்:
சார், எனக்கும் இதே பிரச்சினை. குளத்து சென்சாருக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர், அவுட்புட்டும் 12 வோல்ட். 4.7 கிலோ ஓமும் டையோடும் போட்டேன். போர்டு பவரை அணைத்தாலும் எல்இடி மங்கலாக எரிகிறது.

லாசுப்பேட்டை ஹார்டுவேர்:
இது வேறு பிரச்சினை. அவருடையது வெறும் சுவிட்ச், உங்களுடையது நிரந்தரமாக வோல்டேஜ் கொடுக்கிறது. மேல் டையோடு வழியாக சென்சாரே உங்கள் 3.3 வோல்ட் லைனை ஊட்டுகிறது. டையோடு எப்போதாவது வரும் அடிக்கு, தினசரி வேலைக்கு அல்ல. சீரிஸில் 33 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் வையுங்கள். 12 வோல்ட் 2.8 ஆகும், அது ஹைக்குப் போதும். போர்டு அணைந்திருந்தாலும் அரை மில்லி ஆம்பியர்கூட உள்ளே வராது.

வில்லியனூர் செல்வம்:
சரி, ஜீனரை விட்டுவிடுகிறேன். ஆனால் ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்தால் இதெல்லாம் தாங்குமா? ஆப்டோ-கப்ளர் போட்டால்?

லாசுப்பேட்டை ஹார்டுவேர்:
இடி அருகில் விழுந்தால் இந்தப் பாகங்கள் போதாது. ஆப்டோவும் பிரிப்பு இடைவெளியைத் தாண்டிய வோல்டேஜில் தாவிவிடும். மாடியில் எர்த்திங் எப்படி இருக்கிறது, மோட்டார் ஸ்டார்ட்டரின் எர்த்தும் போர்டின் கிரவுண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியாமல் நான் ஒரு பாகத்தைச் சொல்ல மாட்டேன். அதை முதுநகர் தம்பி பார்த்துச் சொல்லட்டும்.